வாடகை வீட்டுச் சமையலறையில் ஏழு இரவு: பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

வெளிர்நீலம் · ஏப்ரல் 6, இரவு 10.15

சமையலறை இருக்கிற வாடகை வீடாக எடுத்துவிட்டால் வெளிநாட்டில் சாப்பாட்டுக் கவலையே இல்லை என்கிறார்கள். எங்களுக்கு அப்படி அமையவில்லை. போன வருடம் ஐந்து இரவு தங்கினோம். கிளம்பும் முன்பே நாள்வாரியாகப் பட்டியல் போட்டு, இறங்கியதும் அதன்படி எல்லாம் வாங்கிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தால், ஒரு சின்னக் கைப்பிடிப் பாத்திரமும் ஒரு வறுக்கும் சட்டியும் இருந்தன. ஐந்து பேருக்குச் சோறாக்க மூன்று தடவை அடுப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது வெந்தபோது முதல் சோறு ஆறிவிட்டது, சின்னவன் தூங்கியே போனான். கடைசி நாள் ஒன்றரைக் கிலோ அரிசியையும் பிரிக்காத பருப்பையும் விட்டுவிட்டு வந்தோம்.

ஜூன் 13 சனிக்கிழமை மாலை முதல் ஏழு இரவு வேறொரு ஊரில் தங்கப் போகிறோம். நான், கணவர், மாமியார், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். மாமியாருக்கு இரவில் கொஞ்சமாவது சோறு, பருப்பு, தயிர் வேண்டும். மதியம் வெளியில்தான். இந்த முறை பட்டியலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

அலைகடல் · ஏப்ரல் 6, இரவு 11.02

குழந்தைகளுக்குத் தனிச் சாப்பாடு வேண்டுமென்றால் பல விமான நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொல்கின்றன. நாங்கள் மறந்துவிட்டு ஒன்பது மணி நேரம் பிஸ்கட்டிலேயே ஓட்டினோம். டிக்கெட் போட்ட அன்றே சொல்லிவிடுங்கள்.

வெளிர்நீலம் · ஏப்ரல் 7, காலை 6.40

விமானச் சாப்பாடு இல்லை, போய் இறங்கிய பிறகு வீட்டில் சமைப்பதைக் கேட்கிறேன். ஆனால் இதையும் குறித்துக்கொண்டேன்.

பெட்டிகட்டி · ஏப்ரல் 7, காலை 9.20

இதற்கு இவ்வளவு யோசனையே தேவையில்லை. மூன்று லிட்டர் அலுமினியக் குக்கரைப் பெட்டியில் போட்டு, அதற்குள்ளேயே துணியை அடைத்துவிடுங்கள். நான் நாலு பயணத்தில் அப்படித்தான் கொண்டுபோனேன். குக்கர் இருந்தால் எந்த ஊரிலும் எந்தப் பருப்பும் வெந்துவிடும். மஞ்சள் பருப்பு எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். அரிசியில் நீளமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், முடிந்தது.

மூடி · ஏப்ரல் 7, மதியம் 1.10

எட்டு வருடம் இப்படி ஒரு விடுமுறை வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் போய் அடுத்தது வருவதற்குள் அலமாரியைத் திறந்து எண்ணிவைப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பட்டியலைப் பாத்திரத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் பெரிய பாத்திரம் எத்தனை லிட்டர், அடுப்பு எத்தனை, மூடி இருக்கிறதா என்ற மூன்றும்தான் என்ன சமைக்கலாம் என்பதை முடிவு செய்யும். எதை வாங்குவது என்பது அதற்கு அப்புறம்.

வீட்டுக்காரரிடம் "பாத்திரங்கள் உண்டா?" என்று கேட்காதீர்கள். உண்டு என்றுதான் பதில் வரும். அலமாரியைத் திறந்து வைத்து, பெரிய பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு லிட்டர் பால் டப்பாவை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த டப்பாவை வைத்தே அளவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடுப்பையும் மேலிருந்து ஒரு படம்.

பெட்டிகட்டி சொன்ன குக்கர் நல்ல யோசனைதான், கேஸ் அடுப்பாக இருந்தால். இண்டக்‌ஷனில் சாதாரண அலுமினியம் சூடே ஏறாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

பெட்டிகட்டி · ஏப்ரல் 7, மதியம் 1.45

என் நாலு பயணமும் கேஸ் அடுப்புதான், இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அடியில் இரும்புத் தகடு வைத்த குக்கர்கள் உண்டே, அது வேலை செய்யுமல்லவா?

மூடி · ஏப்ரல் 7, மதியம் 2.05

செய்யும், கனம்தான் பிரச்சினை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும், வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

வெளிர்நீலம் · ஏப்ரல் 9, இரவு 9.30

படம் வந்துவிட்டது. அளவாகப் பார்த்தால் பெரிய பாத்திரம் மூன்று லிட்டர் இருக்கும், அதற்கு மூடி இல்லை. இரண்டாவது ஒன்றரை லிட்டர், கண்ணாடி மூடி உண்டு. வறுக்கும் சட்டி ஒன்று. கருப்புக் கண்ணாடி அடுப்பு, வட்டம் இரண்டே இரண்டு. மின்சாரக் கெட்டில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இடுப்பளவு உயரம்தான். கண்ணாடி அடுப்பு என்றால் இண்டக்‌ஷனா, உள்ளே கம்பி சிவக்கிற சாதாரண வகையா என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

மூடி · ஏப்ரல் 10, காலை 7.15

இரண்டுக்கும் தயாராகப் போங்கள். போய் வெறும் அடுப்பை ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். வட்டம் சிவந்தால் கம்பி வகை. அது அணைத்த பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் சூடாக இருக்கும். இதைத் தெரியாமல்தான் பலரும் சோற்றை அடிப்பிடிக்க விடுகிறார்கள். அணைத்துவிட்டோம் என்று பாத்திரத்தை அங்கேயே விட்டுவிடுவார்கள், அடி வெந்துகொண்டே இருக்கும். சோறு முக்கால் வெந்ததும் அணைத்துவிட்டு, மிச்சத்தை அந்தச் சூட்டிலேயே முடிக்கலாம். முழுதாக வெந்துவிட்டால் பாத்திரத்தை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். இண்டக்‌ஷனில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மெல்லிய பாத்திரம் நடுவில் மட்டும் தீயும். அதற்குத் தீயைப் பாதிக்கு மேல் வைக்காமல் இருந்தால் போதும்.

மூடி இல்லாததற்குக் கவலை வேண்டாம். ஒரு பெரிய பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்தால் ஆவி நிற்கும். எடுக்கும்போது மட்டும் துணி வைத்து எடுங்கள், சுட்டுவிடும்.

வெளிர்நீலம் · ஏப்ரல் 12, மாலை 5.50

இன்று வீட்டில் மூன்று லிட்டர் பாத்திரத்தை அளந்து ஒத்திகை பார்த்தேன். எங்கள் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு 350 கிராம் அரிசி சரியாக இருக்கிறது. நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடிப்பதுதான் என் பழக்கம். அதற்கு இரண்டரை லிட்டராவது தண்ணீர் வேண்டும், மூன்று லிட்டர் பாத்திரத்தில் பொங்கி வழிகிறது. அளந்த தண்ணீரில் வற்ற வைத்தால் இதே அரிசிக்கு 700 மில்லிதான். பாத்திரத்தில் பாதிகூட வரவில்லை. அப்படியானால் அங்கே வற்ற வைப்பதுதான் வழி.

பருப்புக்கு ஒன்றரை லிட்டர் பாத்திரம். 200 கிராம் உடைத்த மசூர் பருப்புக்கு 800 மில்லி தண்ணீர் விட்டேன். நுரை எழும்பி ஒரு நிமிடத்தில் வழிந்தது. மூடியைச் சாய்த்து வைத்து, நுரையை இரண்டு தடவை எடுத்த பிறகு அடங்கியது. 22 நிமிடத்தில் குழைந்துவிட்டது. குக்கர் இல்லாமலே. அதனால் குக்கரை விட்டுவிட்டேன்.

பெட்டிகட்டி · ஏப்ரல் 12, இரவு 8.10

மசூர் கிடைக்காவிட்டால்?

மூடி · ஏப்ரல் 12, இரவு 8.40

சிவப்பு நிறத்தில் உடைத்த மசூர் பெரும்பாலான நாடுகளில் சாதாரணக் கடையிலேயே உண்டு. சூப் வைக்கிறவர்கள் வாங்குவது அது. பருப்பு, பட்டாணி, உலர்ந்த பயறு இருக்கிற அலமாரியில் தேடுங்கள். சில கடைகளில் உடல்நல உணவுப் பகுதியில் வைத்திருப்பார்கள். தோல் நீக்கி உடைத்ததா என்று மட்டும் பையின் ஜன்னல் வழியே பாருங்கள். பழுப்பாகவும் பச்சையாகவும் முழுதாக இருப்பது வேறு. அது நன்றாகவே வேகும், ஆனால் குழையாது.

வெளிர்நீலம் · ஏப்ரல் 26, இரவு 10.00

பட்டியல் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. ஏழு இரவில் ஐந்து இரவு சோறு, இரண்டு இரவு பாஸ்தாவும் முட்டையும். பிள்ளைகள் பாஸ்தாவுக்கு ஒத்துக்கொண்டார்கள். மாமியாருக்கு அன்று முந்தைய நாள் பருப்பு கொஞ்சம் எடுத்து வைப்பேன். ஐந்து இரவுக்கு 350 கிராம் என்றால் 1,750 கிராம், ஒரு கிலோப் பை இரண்டு. பருப்பு நாலு தடவை, 800 கிராம், அரைக் கிலோப் பை இரண்டு. போன தடவை ஐந்து கிலோ மூட்டை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி மாட்டிக்கொண்டோம்.

காய்க்குப் பெயரே எழுதவில்லை. "வேகமாக வதங்குவது ஒன்று, பருப்பில் போடுவது ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அங்கே அன்று எது புதிதாக இருக்கிறதோ அதை அந்த இடத்தில் வைத்துக்கொள்வேன். போன தடவை இரண்டு கடை ஏறி இறங்கியதெல்லாம் பட்டியலில் பெயர் எழுதிய காய்க்காகத்தான்.

உப்பு, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், சீரகம், கடுகு ஆகியவற்றைச் சின்ன டப்பாக்களில் கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்துக்காகக் கால் கிலோ மிளகாய்த் தூள் வாங்க வேண்டாமே.

இரண்டாம்படி · ஏப்ரல் 27, காலை 8.25

டப்பாவில் கொண்டுபோகாதீர்கள், கடையில் வாங்கின மாதிரியே ஒட்டிய பொட்டலமாக, பெயர் அச்சடித்ததாக எடுத்துப் போங்கள். என் அம்மா வீட்டில் அரைத்த பொடியைப் பழைய காப்பி டப்பாவில் போட்டுக் கொடுத்தார். சுங்கத்தில் அதிகாரி ஒருவர் திறந்து முகர்ந்து, இன்னொருவரைக் கூப்பிட்டு, நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள், ஆனால் ரயில் போய்விட்டது.

மூடி · ஏப்ரல் 27, காலை 9.00

ஒட்டிய பொட்டலம்தான் சரி. போகிற நாட்டின் சுங்கத் துறைப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். பால் பொருளும் இறைச்சியும் பல இடங்களில் தனிப்பட்ட பையில்கூடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளி நாடுகளிலிருந்து அவற்றைக் கொண்டுபோக முடியாது. நெய்யும் பால் பொருள்தான். பச்சை இலை, முளைக்கக்கூடிய விதை ஆகியவற்றில் சில நாடுகள் ரொம்பக் கடுமை. கடுகும் விதைதான் என்பதை மறக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் கொடுத்த பொருள் அதிகபட்சம் குப்பைக்குப் போகும். மறைத்ததற்கு அபராதம் உண்டு.

வெளிர்நீலம் · ஏப்ரல் 27, இரவு 9.15

அப்படியானால் கடுகை விட்டுவிடுகிறேன். நாங்கள் போகும் நாட்டில் பொடிகளுக்குத் தடை இல்லை, பார்த்துவிட்டேன். சீரகத்தைப் பொடியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அலைகடல் · மே 30, மதியம் 12.30

நீங்கள் சனிக்கிழமை மாலை இறங்குகிறீர்கள். அங்கே ஞாயிறு கடை உண்டா? எங்களுக்கு ஒரு ஊரில் சனி இரவு பூட்டிய கடை திங்கள் காலைதான் திறந்தது. பெட்ரோல் நிலையத்தில் ரொட்டியும் சீஸும் வாங்கி ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டோம்.

வெளிர்நீலம் · மே 31, காலை 7.05

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். ஞாயிறு கடை கிடையாது. சனி இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள், நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர ஏழு ஆகும். அதனால் வாங்குவதை இரண்டாகப் பிரித்துவிட்டேன். சனி இரவு கணவர் மட்டும் ஓடிப்போய் வாங்க ஒரு துண்டுச் சீட்டு: அரிசி, சிவப்புப் பருப்பு, தயிர், முட்டை, வெங்காயம், தக்காளி, எண்ணெய், பால், ரொட்டி. ஒன்பதே பொருள். இதில் சனி இரவும் ஞாயிறு முழுதும் ஓட வேண்டும். மற்றதெல்லாம் திங்கள்.

வெளிர்நீலம் · ஜூன் 14, இரவு 10.40

வந்துவிட்டோம். அடுப்பு கம்பி சிவக்கிற வகை. சோறு நன்றாக வந்தது, பருப்பு வரவில்லை.

கணவர் சிவப்புப் பருப்பு இல்லையென்று மஞ்சளாக உடைத்த ஒன்றை வாங்கி வந்தார். பார்க்க நம் வீட்டுத் துவரம் பருப்பு போலவே இருந்தது, மாமியாரும் அதுதான் என்றார். தக்காளி வெங்காயத்தோடு சேர்த்தே போட்டு அடுப்பில் ஏற்றினேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்துக் கரண்டியில் நசுக்கினால் மேலே மட்டும் மெதுவாக இருக்கிறது, நடுவில் வெள்ளையாக ஒரு குறுணை நிற்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆகியும் அந்தக் குறுணை போகவில்லை. கடைசியில் முட்டைப் பொரியலும் தயிருமாகச் சாப்பிட்டுப் படுத்தோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூடி · ஜூன் 14, இரவு 11.20

அது உடைத்த பட்டாணி. நிறமும் வடிவும் அதே மாதிரி இருக்கும், கடையில் கிட்டத்தட்ட எல்லோரும் ஏமாறுகிறார்கள். குக்கர் இல்லாமல் சாதாரணமாகவே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். அதோடு தக்காளியை முதலிலேயே போட்டது இன்னும் தள்ளிப்போட்டுவிட்டது. புளிப்பு சேர்ந்தால் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது, அதனால் நசுங்குகிற பக்குவம் வராது. புளிப்பு எதுவானாலும், எலுமிச்சையானாலும், பருப்பு குழைந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். கெட்டிலுக்கு உள்ளே பார்த்தீர்களா, வெள்ளையாகப் படிந்திருக்கிறதா?

வெளிர்நீலம் · ஜூன் 15, காலை 6.30

பார்த்தேன். அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது. இதற்கும் பருப்புக்கும் சம்பந்தம் உண்டா?

மூடி · ஜூன் 15, காலை 7.00

உண்டு. அது கடின நீர். அதிலிருக்கும் கால்சியம் அந்தப் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். மிச்சமுள்ள பட்டாணியை இன்று காலையே கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்ட ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற வையுங்கள். மாலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். சோடா அதிகமானால் சோப்பு வாசம் வரும், கவனம். பாட்டில் தண்ணீர் வாங்குவதாக இருந்தால் சீட்டில் கால்சியம் அளவு குறைவாக இருப்பதைத் தேடுங்கள்.

பெட்டிகட்டி · ஜூன் 15, காலை 8.15

மஞ்சள் பருப்பு எங்கும் கிடைக்கும் என்று சொன்னது நான்தான். என்னை நம்பி உங்கள் கணவர் வாங்கியிருந்தால் வருத்தப்படுகிறேன். நான் வாங்கியதும் பட்டாணியாகத்தான் இருந்திருக்கும். குக்கரில் வெந்துவிட்டதால் தெரியவே இல்லை. உப்பு முதலில் போட்டாலும் வேகாதாமே, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூடி · ஜூன் 15, காலை 8.50

உப்பு அப்படிச் செய்யாது. ஊற வைக்கிற தண்ணீரில் உப்புப் போட்டால் தோல் மெதுவாகிறது என்பதே என் அனுபவம்.

இரண்டாம்படி · ஜூன் 15, காலை 9.10

என் பாட்டி உப்பைக் கடைசியில்தான் போடுவார். அவர் வைத்த பருப்புக்கு ஈடு நான் எங்கும் பார்த்ததில்லை. இதில் நான் பாட்டி பக்கம்.

வெளிர்நீலம் · ஜூன் 15, இரவு 9.50

வெந்துவிட்டது! நாள் முழுக்க ஊறியது, வெளியே போய்விட்டு மாலை வந்து ஏற்றினேன். 40 நிமிடத்தில் குழைந்தது. அதன் பிறகு தக்காளியைச் சட்டியில் வதக்கிச் சேர்த்தேன். மாமியார் இரண்டாம் தடவை சோறு வாங்கினார்.

அடுப்பு இரண்டுதான் என்பதால் இப்படி வரிசை வைத்திருக்கிறேன். முதலில் பருப்பு ஒன்றில் ஏறும். அது பாதி வெந்ததும் பக்கத்தில் சோறு. பருப்பை இறக்கித் தட்டு மூடிவைத்தால் அரை மணி நேரம் சூடு தாங்குகிறது, அந்த அடுப்பில் காய் வதங்கும். அதற்குள் சோறு புழுங்கிவிடுகிறது. காயை முதலில் செய்தால் எல்லாம் தயாராவதற்குள் அது தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது, முதல் நாள் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

திங்கட்கிழமைக் கடையில் சிவப்பு மசூர் கிடைத்தது. சூப் பாக்கெட்டுகளுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில். சனிக்கிழமை கணவர் அந்த உயரத்துக்குக் குனிந்தே பார்க்கவில்லையாம்.

வெளிர்நீலம் · ஜூன் 16, மாலை 6.20

அரிசி விஷயம். கணவர் வாங்கியது நீள அரிசிதான், ஆனால் பையில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. சோறு உதிரி உதிரியாக, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக வருகிறது. சின்னவனுக்குப் பிசைந்து ஊட்டவே வரவில்லை. தண்ணீர் கூட விட்டுப் பார்த்தேன், பருக்கை வெடித்ததே தவிரக் குழையவில்லை.

மூடி · ஜூன் 16, இரவு 7.45

பத்து நிமிட நீள அரிசி பெரும்பாலும் ஆலையில் முன்பே ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது. ஒட்டக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நீங்கள் கேட்கிற குழைவு வராது. சின்னவனுக்கும் மாமியாருக்கும் பாலில் வேகவைத்து இனிப்பு செய்கிற குட்டை அரிசியில் ஒரு சின்னப் பை வாங்குங்கள். இரண்டையும் பாதிப் பாதி கலந்து போட்டால் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் சரியாக வரும்.

வெளிர்நீலம் · ஜூன் 17, இரவு 9.05

கலந்தேன். 200 கிராம் நீளம், 150 கிராம் குட்டை. பிசைய வருகிறது, மகளும் கட்டியாக இருக்கிறதென்று சொல்லவில்லை. இனி எங்கே போனாலும் இப்படித்தான்.

மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை வெள்ளை மேடை மேல் கொட்டி, துடைத்த பிறகும் கை அகலத்துக்கு மஞ்சள் கறை. முன்பணத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

மூடி · ஜூன் 17, இரவு 9.40

சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி அரை மணி நேரம் வையுங்கள், பாதி போகும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாகவே சிதைந்துவிடும். மேடை ஜன்னல் பக்கமாக இருந்தால் திரையைத் திறந்தே விடுங்கள்.

இரண்டாம்படி · ஜூன் 18, காலை 7.30

தயிர் எப்படி இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே. நாங்கள் போன ஊரில் நான் மோர் வாங்கிவிட்டேன், டப்பா ஒரே மாதிரி.

வெளிர்நீலம் · ஜூன் 18, இரவு 10.10

முதல் நாள் கணவர் எடுத்தது வெனிலா. டப்பா முழுக்க வெள்ளை, பழப் படம் எதுவும் இல்லை, அதனால் எடுத்துவிட்டார். இரண்டாவது கெட்டியாகக் கிரீம் சேர்த்தது, சோற்றோடு பிசைந்தால் எண்ணெய் மாதிரி வழுக்கியது. மூன்றாவதுதான் சரி. பின்பக்கச் சீட்டில் சேர்மானம் பார்த்தேன், பாலும் பாக்டீரியா வளர்ப்பும் என்று இரண்டே பொருள். சர்க்கரை அளவு நூறு கிராமுக்கு நாலரை கிராம் இருந்தது. அது பாலிலேயே உள்ள சர்க்கரை. வெனிலாவில் பன்னிரண்டு. மொழி தெரியாவிட்டாலும் அந்த எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மாமியார் வீட்டுத் தயிர் போலப் புளிப்பு இல்லையென்றார். ஃபிரிட்ஜில் ஒரு நாள் பழசானதை அவருக்கென்று தனியாக வைக்கிறேன், அதுவும் போதவில்லையாம்.

பெட்டிகட்டி · ஜூன் 18, இரவு 10.45

அங்கேயே உறை ஊற்றிவிடுங்கள். நீண்ட நாள் கெடாத டப்பாப் பால் என்றால் ஏற்கெனவே நன்றாகச் சூடாக்கியதுதான், காய்ச்ச வேண்டியதில்லை. கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து ஒரு ஸ்பூன் தயிர் கலந்து, துண்டில் சுற்றி இரவு வைத்தால் காலையில் தயிர். இதை நான் நிஜமாகவே பல தடவை செய்திருக்கிறேன்.

மூடி · ஜூன் 18, இரவு 11.00

இதில் பெட்டிகட்டி சொல்வது முழுச் சரி. கொஞ்சம் இளகலாக வரும். புளிப்பு வேண்டுமென்றால் உறைந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் வெளியிலேயே விடுங்கள், அப்புறம் ஃபிரிட்ஜ்.

வெளிர்நீலம் · ஜூன் 19, காலை 7.20

நேற்றிரவு உறை ஊற்றினேன், காலையில் உறையவில்லை. வீடு குளிர்ச்சியாக இருந்ததாலா, தயிரில் உயிருள்ள பாக்டீரியா இல்லையா, தெரியவில்லை. கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, சூடான தண்ணீர்ப் பாட்டிலோடு சேர்த்துத் துண்டில் சுற்றி மறுபடி வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. நேற்றுச் சோறு ஒரு கிண்ணம் மிஞ்சியது. பத்து மணி வரை அடுப்பு மேலேயே இருந்தது, அப்புறம்தான் உள்ளே வைத்தேன். காலையில் சூடாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

மூடி · ஜூன் 19, காலை 7.35

எத்தனை மணிக்கு இறக்கினீர்கள்? ஆறரை என்றால் கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்த சோற்றில் ஒரு வகை பாக்டீரியா பெருகி நச்சு விட்டுவைக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. வாந்திதான் வரும், பயணத்தில் அது பெரிய தொல்லை. சாப்பிட்டு எழுந்த கையோடு தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜின் திருகையும் பாருங்கள். பெரும்பாலும் எண் கூடினால்தான் குளிர் கூடும். போகிறவர்கள் ஒன்றில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வெளிர்நீலம் · ஜூன் 19, காலை 7.50

ஆறேமுக்காலுக்கு இறக்கினேன். கொட்டிவிட்டேன். திருகு ஒன்றில்தான் இருந்தது, நாலுக்கு மாற்றியிருக்கிறேன். காலைக்கு முட்டையும் ரொட்டியும்.

வெளிர்நீலம் · ஜூன் 21, மாலை 4.30

நேற்றே ஊர் திரும்பினோம். கடைசி இரவு மிச்சமிருந்த 300 கிராம் அரிசி, ஒரு கைப்பிடி மசூர், இரண்டு கேரட், ஒரு வெங்காயம் எல்லாவற்றையும் மூன்று லிட்டர் பாத்திரத்திலேயே ஒன்றாகப் போட்டுக் குழைய வைத்தேன். தனித்தனியாக இரண்டு பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, கிளம்புகிற அன்று அது பெரிய உதவி. விட்டுவந்தது அரை பாட்டில் எண்ணெயும் பிரிக்காத ஒரு பாஸ்தா பாக்கெட்டும்தான், அடுத்து வருகிறவர்களுக்கு என்று எழுதி வைத்தேன்.

மேடையின் கறை வியாழனன்று வெளிறி, வெள்ளி மதியம் தேடினாலும் தெரியவில்லை. முன்பணம் முழுதும் வந்துவிட்டது.

உறை ஊற்றிய பால் இரண்டாம் தடவை உறைந்தது, ஆனால் நூல் நூலாக இழுத்தது. மாமியார் வாயில் வைக்கவில்லை. ஏன் அப்படி ஆனது?

பெட்டிகட்டி · ஜூன் 21, மாலை 5.15

சூடு குறைந்திருக்கும். எனக்கும் குளிர் காலத்தில் அப்படி வந்திருக்கிறது.

மூடி · ஜூன் 21, மாலை 6.00

உறைக்கு எடுத்த தயிரின் பாக்டீரியா வகையாகவும் இருக்கலாம். சில வகை தயிரைக் கெட்டியாக்குவதற்காகவே இழை விடும். அந்த டப்பாவின் படம் இருந்தால் போடுங்கள், பார்க்கலாம்.

வெளிர்நீலம் · ஜூன் 21, இரவு 8.10

டப்பாவைப் படம் எடுக்கவில்லை. மகள் அதைக் கழுவித் தன் கூழாங்கற்களைப் போட்டு எடுத்து வந்திருக்கிறாள், காலையில் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.